துணி அலசிய தண்ணீர்: எதைச் செடிக்கு ஊற்றலாம், எதைச் சாக்கடைக்கு விடலாம்?

1991ஆம் ஆண்டு மலாக்காவில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு போனது. மாநிலம் முழுவதும் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஜூஸ் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆனாலும் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் மீண்டும் தாழ்ந்து, மலாக்கா மக்கள் மறுபடியும் முறை வைத்துத்தான் தண்ணீர் பிடித்தார்கள். புக்கிட் காத்தில் வட்டாரத்துத் தாமான்களில் வாழும் உங்கள் பெற்றோருக்கு அந்த நாள்கள் நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் எல்லார் கண்ணும் முதலில் சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாய் மீதுதான் விழும். ஒரு தடவை துணி துவைத்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. அதைப் பிடித்து வீட்டைத் துடைத்தால் என்ன, வாசலில் உள்ள கறிவேப்பிலைக்கு ஊற்றினால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

செய்யலாம். ஆனால் அந்தக் குழாயிலிருந்து வருவது ஒரே தண்ணீர் அல்ல, மாணவர்களே. ஒரே சலவையில் மூன்று வகைத் தண்ணீர் வெளியே வருகிறது. ஒன்று செடிக்கு ஆகாது. இன்னொன்று பெரும்பாலும் ஆகும். எது எது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கொஞ்சம் கணக்கும், சோப்புத்தூள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கமும் போதும்.

எட்டில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு தொட்டி உள்ள சாதாரணச் சலவை இயந்திரம். ஒரு தொட்டியில் துவைக்கிறோம், மற்றொன்றில் சுழற்றிப் பிழிகிறோம். துவைக்கும் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 50 கிராம் சோப்புத்தூள் போடுகிறோம். லிட்டருக்கு 1.25 கிராம் தூள் கரைந்திருக்கிறது. இது முதல் தண்ணீர், அதாவது துவைத்த தண்ணீர்.

துவைத்த பிறகு இதை வெளியே விட்டு, துணியைச் சுழற்றிப் பிழிகிறோம். எவ்வளவு பிழிந்தாலும் துணிக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். 5 கிலோ துணியில் 5 லிட்டர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டரில் 5 லிட்டர் என்பது எட்டில் ஒரு பங்கு. ஆகவே சோப்புத்தூளிலும் எட்டில் ஒரு பங்குதான், அதாவது 6 கிராமுக்குச் சற்று அதிகமாக, அலசும் தண்ணீருக்குள் போகிறது. தொட்டியை மறுபடி 40 லிட்டர் வரை நிரப்பி அலசினால், அந்தத் தண்ணீரில் இருக்கும் சோப்பு முதல் தண்ணீரில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு. இது இரண்டாம் தண்ணீர், அதாவது முதல் அலசல்.

மறுபடி பிழிந்து, மறுபடி 40 லிட்டரில் அலசினால், எட்டில் ஒன்றின் எட்டில் ஒன்று. அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இதுதான் மூன்றாம் தண்ணீர், கடைசி அலசல். லிட்டருக்கு 1.25 கிராமாக இருந்த சோப்பு இப்போது லிட்டருக்கு 0.02 கிராமாகக் குறைந்துவிட்டது.

இந்தக் கணக்கில் வேலையை முடிப்பது பிழிதல்தான். சுழற்றிப் பிழியாமல் கையால் லேசாக முறுக்கிவிட்டு அலசினால், அதே துணியில் 10 லிட்டர் தங்கலாம். அப்போது ஒவ்வொரு அலசலிலும் நான்கில் ஒரு பங்கு சோப்பு கூடவே வரும். கடைசி அலசலில் அறுபத்து நான்கில் ஒன்றுக்குப் பதில் பதினாறில் ஒன்று இருக்கும். தண்ணீரின் அளவு அதே 40 லிட்டர்தான், ஆனால் சோப்பு நான்கு மடங்கு. ஆகவே அலசல் தண்ணீரைச் செடிக்குப் பயன்படுத்த விரும்பும் வீட்டில், ஒவ்வொரு அலசலுக்கு முன்பும் துணியை நன்றாகப் பிழிய வேண்டும்.

பூந்தொட்டியில் சேரும் உப்பு

சோப்புத்தூள் என்று நாம் சொல்வதில் அழுக்கை நீக்கும் பொருள் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பகுதி சோடியம் கார்பனேட், சோடியம் சல்ஃபேட் போன்ற சோடியம் உப்புகள். கார்பனேட் தண்ணீரைக் காரமாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை இளக்குகிறது. சல்ஃபேட் பெரும்பாலும் தூளின் அளவைக் கூட்டவும் அது கட்டியாகாமல் உதிரியாக இருக்கவும் சேர்க்கப்படுகிறது.

50 கிராம் தூளில் 10 கிராம் சோடியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துவைத்த தண்ணீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம். இந்தத் தண்ணீரை ஒரு பூந்தொட்டிக்குத் தினமும் ஒரு லிட்டர் ஊற்றினால், 30 நாளில் 7.5 கிராம் சோடியம் சேரும். சமையல் உப்பில் சொன்னால், அது ஏறக்குறைய 19 கிராம் உப்பில் உள்ள சோடியத்துக்குச் சமம். ஒரே தொட்டியில் மூன்று தேக்கரண்டி உப்பைக் கொட்டியது போல. வேர்கள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வெயிலில் ஒரு பங்கு ஆவியாகும், சோடியம் மட்டும் பெரும்பாலும் மண்ணிலேயே நிற்கும்.

அதே தொட்டிக்குக் கடைசி அலசல் தண்ணீரை ஊற்றியிருந்தால், 30 நாளில் சேரும் சோடியம் ஏறக்குறைய 0.12 கிராம். இது ஒரு சிட்டிகை உப்புக்குச் சமம். மூன்று தேக்கரண்டிக்கும் ஒரு சிட்டிகைக்கும் உள்ள வேறுபாடுதான் முதல் தண்ணீருக்கும் மூன்றாம் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு.

சோடியம் செடிக்கு இரண்டு வழியில் கெடுதல் செய்கிறது. முதலாவது, மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை எளிதாக இழுக்க முடியாது. மண் ஈரமாகவே இருக்கும், ஆனால் செடி தாகத்தில் வாடும். இலை நுனி கருகத் தொடங்கும்.

இரண்டாவது, மண்ணின் அமைப்பே கெடும். களிமண் துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்த்து வைத்திருப்பதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் காற்றும் நீரும் போய்வருகின்றன. சோடியம் மிகுந்தால் அது கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் துகள்களைக் கால்சியம் போல இறுகச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. துகள்கள் தனித்தனியே பிரிந்து இடைவெளிகளை அடைத்துவிடும். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கும். காய்ந்ததும் மேல்மண் ஓடு போல இறுகும். உங்கள் தொட்டியில் இந்த அடையாளம் தெரிந்தால், ஊற்றும் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

"மலாக்காவில்தான் நல்ல மழை பெய்கிறதே, உப்பு கரைந்து போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். திறந்த நிலத்தில் நிற்கும் வாழைக்கும் தென்னைக்கும் அது பொருந்தும். நல்ல மழை மண்ணிலுள்ள சோடியத்தைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். இங்குள்ள செம்புரை மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடும் துகள்களைப் பிணைத்து வைக்க உதவுகிறது. ஆனால் நாம் அலசல் தண்ணீரைத் தேடுவதே மழை இல்லாத மாதங்களில். அதோடு, வீட்டு முன்கூரையின் கீழ் வைத்திருக்கும் பூந்தொட்டிகளில் எந்த மாதமும் மழை விழுவதில்லை. ஆகவே, கூரைக்குக் கீழே உள்ள தொட்டிச் செடிதான் சோப்புத் தண்ணீரால் முதலில் கெடும்.

மஞ்சளாகும் இளம் இலை

கார்பனேட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது மண்ணைக் காரமாக்குகிறது. காரம் கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், வேரால் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். இரும்பு இல்லாமல் செடியால் பச்சையம் தயாரிக்க முடியாது. இதன் அடையாளம் தெளிவானது: புதிதாக விடும் இளம் இலைகள் மஞ்சளாகும், ஆனால் நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

சற்று அமிலமான மண்ணை விரும்பும் செடிகளுக்கு இது விரைவில் வரும். வீட்டு வாசலில் நாம் வளர்க்கும் இட்லிப்பூச் செடியும் கறிவேப்பிலையும் அந்த வகைதான். ஆர்க்கிட் செடிக்கு எந்தச் சோப்புத் தண்ணீரும் வேண்டாம். வாழை, தென்னை, புல்தரை ஆகியவை ஓரளவு தாங்கும். ஊரில் துவைக்கும் கல்லடியில் வாழையை நட்டு வைத்த பழக்கம் சும்மா வந்ததல்ல.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் தேட வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் ஆர்மிடேல் நகரிலுள்ள லான்ஃபாக்ஸ் ஆய்வகத்தில், மண் அறிவியலாளர் ராபர்ட் பாட்டர்சன் கடையில் விற்கும் சலவைப் பொருள்களை வாங்கித் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சோடியம், எவ்வளவு பாஸ்பரஸ், எவ்வளவு காரத்தன்மை என்று அளந்து பார்த்தார். ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு மிகப் பெரியது. ஆனாலும் பொதுவான போக்கு ஒன்று தெரிந்தது: தூள்களைவிடத் திரவச் சோப்புகளில் சோடியம் குறைவு. காரணம் எளிது. திரவத்துக்கு அளவைக் கூட்ட சோடியம் சல்ஃபேட் தேவையில்லை, தண்ணீரே போதும். ஆகவே செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்குத் திரவச் சோப்பு நல்லது. தூள்தான் வாங்குவீர்கள் என்றால், குறைந்த அளவு போட்டாலே போதும் என்று எழுதியிருக்கும் செறிவான தூளை வாங்குங்கள்.

சில பொருள்கள் இருந்தால், எத்தனை தடவை அலசியிருந்தாலும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் இருப்பதே நல்லது.

முதலாவது போரான். பொட்டலத்தில் போராக்ஸ், சோடியம் பெர்போரேட் என்ற பெயர்களில் இருக்கும். செடிக்குப் போரான் தேவைதான், ஆனால் மிகச் சிறிய அளவில். தேவைப்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. எலுமிச்சை போன்ற செடிகளுக்கு, பாசன நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை எட்டுவதற்கு முன்பே கெடுதல் தொடங்கிவிடும். அடையாளம்: முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் மஞ்சளாகிப் பின் கருகும். இரும்புக் குறைவு இளம் இலையில் தெரியும், போரான் மிகுதி முதிர்ந்த இலையில் தெரியும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது குளோரின் வெளுப்பான். பள்ளிச் சீருடையை வெளுக்கப் போடும் திரவம் இது. இதன் பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட், வாய்பாடு NaOCl. மண்ணில் இலைதழைகளை மட்கச் செய்து செடிக்கு ஊட்டம் தரும் நுண்ணுயிர்களை இது கொல்லும், வேரையும் சுடும். வெளுப்பான் போட்ட நாளில் எந்த அலசல் தண்ணீரும் தோட்டத்துக்குப் போகக்கூடாது.

"ஆக்ஸிஜன் வெளுப்பான்" என்று எழுதியிருப்பது வேறு. அது பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரியும். பெராக்ஸைடு பிறகு தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் மாறிவிடும். ஆனால் கார்பனேட் அப்படியே இருக்கும். எனவே துவைத்த தண்ணீரை விட்டுவிடுங்கள். நன்றாகப் பிழிந்து அலசிய கடைசித் தண்ணீரில் தொல்லை குறைவு.

கடைசித் தண்ணீரில் ஒளிந்திருக்கும் பொறி

கடைசி அலசல்தான் சுத்தமானது என்று மேலே கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் சாஃப்ட்னர், துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம். அதைக் கடைசி அலசலில்தான் ஊற்றுகிறோம். சோப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்கும் அதே தண்ணீரில், ஒரு மூடி நிறையப் புதிய வேதிப்பொருள் சேர்ந்துவிடுகிறது.

சோப்பு மூலக்கூறுகளுக்கு எதிர்மின்னூட்டம், சாஃப்ட்னர் மூலக்கூறுகளுக்கு நேர்மின்னூட்டம். நனைந்த பருத்தித் துணியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால்தான் சாஃப்ட்னர் துணியில் ஒட்டிக்கொண்டு கொழுப்பு போன்ற மெல்லிய படலமாகப் படிகிறது. அதுவே நம் கைக்கு மென்மையாகத் தெரிகிறது. தண்ணீரில் மிஞ்சியதும் எதையாவது தேடி ஒட்டத்தான் செய்யும். களிமண் துகளும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அங்கே ஒட்டும். தரை ஓட்டில் ஊற்றித் துடைத்தால் அங்கேயும் படலம் படியும். அதன் மேல் தண்ணீர் பட்டால் வழுக்கும். தாத்தா, பாட்டி நடமாடும் வீட்டில் இது விளையாட்டல்ல.

தீர்வு எளிது. சாஃப்ட்னர் ஊற்றுவதற்கு முன் ஓர் அலசல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்லது சாஃப்ட்னரையே விட்டுவிடுங்கள். தானியங்கி இயந்திரமாக இருந்தால், அது எந்த நேரத்தில் சாஃப்ட்னரை இழுக்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

வீடு துடைக்கும் தண்ணீர்

தரையில் வேர் இல்லை, நுண்ணுயிர்த் தோட்டமும் இல்லை. ஆகவே சோடியமும் போரானும் அங்கே கவலை தருவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது, தண்ணீர் காய்ந்த பிறகு தரையில் என்ன மிஞ்சுகிறது என்பதே.

துவைத்த தண்ணீரில் வீட்டைத் துடைத்தால், லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் சோப்பும் உப்பும் துணியின் அழுக்கும் தரையில் காயும். வெறுங்காலில் நடந்தால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி, தரை முன்னைவிட விரைவில் மங்கும். சாஃப்ட்னர் இல்லாத கடைசி அலசல் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வாளிக்கு 8 லிட்டர் என்றால், 40 லிட்டரில் ஐந்து வாளி. ஒரு வரிசை வீட்டைத் துடைத்து முடித்தும் மிஞ்சும். முதல் அலசல் தண்ணீரால் வாசலையும் வடிகாலையும் கழுவலாம், கழிவறையிலும் ஊற்றலாம். புதுச் சாயத் துணி அலசிய தண்ணீரை மட்டும் வெள்ளைத் தரை ஓட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓடுகளின் இடுக்கில் சாயம் ஏறும்.

ஓர் எச்சரிக்கை. வெளுப்பான் கலந்த தண்ணீரை, கழிவறைக் கறை நீக்கும் அமிலத் திரவம் ஊற்றிய இடத்தில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

சங்குப்பூ சொல்லும் விடை

மூன்று தண்ணீரையும் வீட்டிலேயே சோதிக்கலாம். மலாக்காவில் ஞோஞ்ஞா பலகாரங்களுக்கு நீலநிறம் தருவதற்குப் பயன்படுத்தும் சங்குப்பூவைப் பத்துப் பதினைந்து எடுத்து, அரைக் கிண்ணம் சுடுநீரில் ஊறவையுங்கள். நீலச்சாறு கிடைக்கும். நான்கு கண்ணாடிக் குவளைகளில் குழாய்த் தண்ணீர், துவைத்த தண்ணீர், முதல் அலசல், கடைசி அலசல் என்று ஒரே அளவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சாறு விடுங்கள். காரம் மிகுந்தால் நீலம் பச்சைப் பக்கம் நகரும். கடைசி அலசலின் நிறம் குழாய்த் தண்ணீரின் நிறத்தோடு ஒத்திருந்தால், அதன் காரம் போதுமான அளவு குறைந்துவிட்டது என்று பொருள். பச்சை தெரிந்தால், துணி சரியாகப் பிழியப்படவில்லை, அல்லது சோப்பு அதிகம்.

இந்தச் சோதனை காரத்தை மட்டுமே காட்டும். போரானையும் சாஃப்ட்னரையும் சங்குப்பூவால் காட்ட முடியாது. அதற்குப் பொட்டலத்தைத்தான் படிக்க வேண்டும்.

மண் கெட்டுவிட்டதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஆஸ்திரேலிய மண் அறிவியலாளர் எமர்சன் 1967இல் வெளியிட்ட முறை இது. தொட்டி மண்ணில் பட்டாணி அளவு காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, ஒரு குவளை மழைநீரில் மெல்ல விட்டு, அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். கட்டி சரிந்து உடைந்தாலும் சுற்றியுள்ள நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் ஒரு வளையம் கிளம்பினால், சோடியம் துகள்களைப் பிரித்துவிட்டது என்று அறியலாம். அப்படிப்பட்ட தொட்டியை மழையில் வைத்து அடிவழியாக நீர் நன்றாக வடியவிடுங்கள். நாற்றங்கால் கடைகளில் கிடைக்கும் ஜிப்சம் கொஞ்சம் கலந்தால், அதிலுள்ள கால்சியம் மறுபடி தன் இடத்தைப் பிடிக்கும்.

சேர்த்து வைக்காதீர்கள்

அலசல் தண்ணீரை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். அதிலுள்ள வியர்வையையும் அழுக்கையும் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கி, நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். மறுநாளே நாற்றம் கிளம்பும். மூடாத வாளியில் ஒரு வாரம் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கிடைக்கும்.

குழந்தையின் அணையாடை, நோயாளியின் துணி ஆகியவற்றை அலசிய தண்ணீரை நேராகச் சாக்கடைக்கு விடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை, உல்லாம் வகைகளுக்கு எந்த அலசல் தண்ணீரும் வேண்டாம். மற்றச் செடிகளுக்கு இலையில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். இன்று வாழைக்கு என்றால் அடுத்த சலவையில் புல்தரைக்கு என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கூரையின் கீழ் இருக்கும் தொட்டிகளுக்கு, மூன்று நான்கு முறைக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரை, அடியில் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். அப்போதுதான் சேர்ந்த உப்பு வெளியேறும்.

அடுத்த முறை வீட்டில் துணி துவைக்கும்போது மூன்று வாளிகளை எடுத்து 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். அம்மா சாஃப்ட்னர் பாட்டிலைத் திறப்பதற்கு முன் மூன்றாவது வாளியை நிரப்பிவிடுங்கள்.